சித்தப்பா வாங்கிப் போட்ட டொமைன்

வெப்சைட்டைச் செய்து முடிப்பது சுலபமாகவும் அதைத் திறப்பது சிரமமாகவும் சில குடும்பங்களில் ஆகிவிடுகிறது. சின்னாளபட்டியில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பக்கங்கள் தயார், சேலைப் படங்கள் ஏற்றியாயிற்று, ஹோஸ்டிங்குக்குப் பணமும் கட்டியாயிற்று. ஆனால் கடையின் பெயரில் உள்ள டொமைன் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கில் இருக்கிறது. எப்போதோ ஊருக்கு வந்தபோது, "நல்ல பேரு, வேற யாராவது எடுத்துடுவாங்க" என்று தன் கார்டில் வாங்கிப் போட்டவர் அவர். வருடா வருடம் சத்தமில்லாமல் புதுப்பித்தும் வருகிறார். இப்போது அவரிடம் கேட்டாக வேண்டும்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "சித்தப்பாகிட்ட ஐடி, பாஸ்வேர்டு வாங்கிட்டு வாங்கண்ணே, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார் வெப்சைட் செய்யும் பையன். வாசலில் பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிற மாதிரி இது. சித்தப்பாவின் அந்தக் கணக்கில் அவருடைய கார்டு சேமிக்கப்பட்டிருக்கும். வேறு டொமைன்கள் இருக்கலாம். டொமைனை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் பொத்தானும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அவர் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் காரியம் நடக்காது. உள்ளே நுழையும்போது ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். புது ஊரிலிருந்து, புதுக் கணினியிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று கணக்கே பூட்டிக்கொள்ளவும் கூடும். கேட்கும் விதத்தில் மனஸ்தாபமும் வரும். உண்மையில் இந்தக் கடைக்குத் தேவை பாஸ்வேர்டு அல்ல, இரண்டு வரி மாற்றம்.

அந்த இரண்டு வரிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். டொமைன் என்பது வெறும் பெயர். பிரவுசருக்குத் தேவை சர்வரின் ஐபி எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தது. அதற்கு முன்பு இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில், அமெரிக்காவில் ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டன. பட்டியல் பெருகப் பெருக அது தாங்காது என்று ஆனபோது, ஒவ்வொரு டொமைனின் விவரத்தையும் அதன் சொந்தக்காரரே தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும் என்று பிரித்துவிட்டார்கள். சித்தப்பாவைக் கேட்காமல் நாம் எதுவும் செய்ய முடியாமல் இருப்பது அந்த முடிவின் விளைவு.

அந்த விவரம் இருக்கும் கணினிக்கு நேம்சர்வர் என்று பெயர். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்ட். A என்ற ரெக்கார்ட் வெப்சைட் இருக்கும் ஐபி எண்ணைச் சொல்லும். AAAA என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் ஐபிவி6 என்ற புது வகை எண்ணுக்கு. MX என்பது மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது. TXT என்ற வரிகளில் பெரும்பாலும் மெயில் போலியல்ல என்று நிரூபிக்கும் குறிப்புகள் இருக்கும். வெப்சைட் திறக்க முதல் இரண்டு மட்டும் போதும். மற்ற இரண்டையும் தொடக் கூடாது.

தொடக் கூடாது என்று அழுத்திச் சொல்லக் காரணம், நாம் எடுத்துக்கொண்ட கடையில் டொமைன் சும்மா கிடக்கவில்லை. வெப்சைட் இல்லையே தவிர, சித்தப்பா தன் சொந்த மெயிலை அந்தப் பெயரில் வைத்திருக்கிறார். கடைக்கு வரும் மொத்த ஆர்டர்களும் அதே பெயரில் உள்ள மெயிலுக்கு வருகின்றன. இங்கேதான் ஹோஸ்டிங் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் "நேம்சர்வரை எங்களுடையதாக மாற்றிவிடுங்கள்" என்ற யோசனை ஆபத்தாகிறது. நேம்சர்வரை மாற்றினால் ஒரு வரி மாறாது, பட்டியல் முழுவதும் மாறும். பழைய பட்டியலில் இருந்த MX வரிகள் புதிய இடத்துக்குத் தாமாக வந்து சேரா. இதைவிட மோசமான நிலையும் உண்டு. சிபேனல் வகை ஹோஸ்டிங்குகள் புதிய டொமைனைச் சேர்க்கும்போதே, மெயிலும் தன்னிடமே வரட்டும் என்று ஒரு MX வரியைத் தானாக எழுதிவைக்கும். அப்போது அனுப்பியவருக்குப் பல சமயம் எந்தப் பிழைச் செய்தியும் திரும்பாது. சித்தப்பாவுக்கு வர வேண்டிய மெயில் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கும், அல்லது அப்படி ஒரு ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பப்படும். தவறு தெரிந்து நேம்சர்வரைத் திருப்பி வைத்தாலும் உடனே சரியாகாது. .com பெயர்களைக் கவனிக்கும் மேல்நிலைச் சர்வர்கள், ஒரு டொமைனின் நேம்சர்வர் இது என்று சொல்லும்போதே "இதை 172800 நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம்" என்றும் சேர்த்துச் சொல்கின்றன. கணக்குப் போட்டால் இரண்டு நாள்.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் நாமே வெளியிலிருந்து பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட வேண்டும். lookup.icann.org என்ற தளத்தில் டொமைனைக் கொடுத்தால், எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பது தெரியும். சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அது பரவாயில்லை. அடுத்து விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இவற்றைத் தட்ட வேண்டும். கடையின் பெயருக்குப் பதில் இங்கே example.com என்று போட்டிருக்கிறேன். அது உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிவைத்த பெயர். பின்னால் வரும் ஐபி எண்களும் அப்படித்தான்.

```
nslookup -type=ns example.com
nslookup -type=a example.com
nslookup -type=aaaa example.com
nslookup -type=mx example.com
```

முதல் வரிதான் முக்கியம். பதிவு செய்த நிறுவனம் ஒன்றாகவும் நேம்சர்வர் வேறொரு நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால், பதிவு நிறுவனத்தின் பக்கத்தில் சித்தப்பா எத்தனை முறை மாற்றினாலும் உலகத்துக்கு எதுவும் தெரியாது. "நான் மாத்திட்டேனேப்பா" என்று அவரும், "மாறலையே சித்தப்பா" என்று நாமும் நாள்கணக்கில் பேசிக்கொண்டிருக்க இதுவே காரணமாகும். நேம்சர்வர் யாருடையதோ அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் மாற்ற வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு எல்லை உண்டு. பெயர் தெரிந்த ரெக்கார்டைத்தான் கேட்க முடியும். மொத்தப் பட்டியலையும் வெளியே இருந்து இறக்கிக்கொள்ள நேம்சர்வர்கள் பொதுவாக விடுவதில்லை. எனவே கடிதத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலின் படம். அதைக் கொடுப்பதால் சித்தப்பாவுக்கு நஷ்டமில்லை. அதில் இருப்பது எல்லாமே கேட்டவருக்குச் சொல்வதற்காக வைத்த விவரம்தான், ரகசியம் எதுவும் இல்லை.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். அதை அவருடைய வேறொரு மெயிலுக்கு அனுப்புவது நல்லது. நாம் கைவைக்கப்போகும் டொமைனில் உள்ள முகவரிக்கே அனுப்பினால், ஏதாவது கெட்டுப்போகும்போது வழிமுறையும் அவர் கைக்கு எட்டாமல் போய்விடும்.

"அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சித்தியும் பிள்ளைகளும் நலம்தானே. நம் கடைக்கு வெப்சைட் தயாராகிவிட்டது. நீங்கள் அன்றைக்கு வாங்கிவைத்த பெயரில்தான் திறக்கப்போகிறோம். அதற்கு உங்கள் கையால் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். டொமைன் இப்போது இருப்பது போலவே உங்கள் பெயரில் இருக்கட்டும்.

முதலில், கணக்கில் நுழைந்து நம் டொமைனைத் தேர்ந்தெடுத்து, DNS அல்லது Manage DNS என்று இருக்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கே உள்ள பட்டியலை மேலிருந்து கீழ்வரை படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஏதாவது தவறினால் பழையபடி வைக்க அதுதான் உதவும்.

பிறகு இரண்டே மாற்றங்கள். Type என்ற இடத்தில் A என்றும், Name என்ற இடத்தில் @ என்றும் ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு இப்போது 198.51.100.7. அதை 203.0.113.25 என்று மாற்றிச் சேமியுங்கள். அடுத்து, Type AAAA, Name @ என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். எங்கள் ஹோஸ்டிங்கில் அந்த வகை எண் தரவில்லை.

www என்ற வரி @-ஐத் தொடர்ந்து போகும்படி ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே விடுங்கள். MX, TXT என்று இருக்கும் வரிகளையும், Nameservers என்ற பகுதியையும் தொடவே வேண்டாம். உங்கள் மெயில் அவற்றை நம்பித்தான் ஓடுகிறது. இந்த மாற்றத்தால் உங்கள் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் இரவு 9 மணிக்குச் செய்தால் வசதி. இங்கே 6.30 ஆகியிருக்கும், நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன். மாற்றியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். சரியாக வந்ததா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

இனி அடிக்கடி உங்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்க ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் கணக்கில் இன்னொருவரை டொமைன் வேலைக்கு மட்டும் அனுமதிக்கும் வசதி இருந்தால், என் மெயில் முகவரிக்கு ஒரு அழைப்பு அனுப்புங்கள். நான் என் சொந்த பாஸ்வேர்டில் நுழைந்துகொள்வேன். உங்கள் கார்டு விவரம் எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று தோன்றும்போது நீங்கள் எடுத்துவிடலாம்.

அன்புடன்."

இந்தக் கடிதத்தில் எல்லா வரிக்கும் காரணம் உண்டு. பழைய மதிப்பையும் எழுதியிருப்பது அவர் சரியான வரியைத்தான் மாற்றுகிறார் என்று அவரே சரிபார்க்க. வேறு எண் தெரிந்தால் அவர் நிறுத்திக் கேட்பார். கடைசிப் பத்தியில் சொன்ன வசதியை கோடாடி நிறுவனம் Delegate Access என்ற பெயரில் வைத்திருக்கிறது. கிளவுட்ஃபிளேரில் உறுப்பினராகச் சேர்க்கும் முறை. சிறிய மறுவிற்பனையாளர்கள் சிலரிடம் இது கிடையாது. அங்கே சித்தப்பாவின் கைதான் வழி.

டிடிஎல் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் பக்கத்தில் 3600 போன்ற ஒரு எண் இருக்கும். இந்த விடையை இத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். அனுபவசாலிகள் முதல் நாளே அதை 300 ஆகக் குறைக்கச் சொல்வார்கள், மாற்றம் சீக்கிரம் தெரியட்டும் என்று. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய தளத்துக்கு அது சரி. இதுவரை ஒன்றுமே இல்லாத கடைத் தளத்துக்கு ஒரு மணி நேரத் தாமதத்தால் என்ன நஷ்டம்? அதற்காகச் சித்தப்பாவை இரண்டு முறை உள்ளே போகச் சொல்வது தேவையில்லை என்பது என் கட்சி.

மாற்றியபின் என்னென்ன கோளாறு வரலாம்? அடிக்கடி நடப்பது அந்த AAAA வரியை நீக்க மறப்பது. அறிகுறி விசித்திரமாக இருக்கும். கடையின் பிராட்பேண்டில் புது வெப்சைட் தெரியும். போனில் மொபைல் டேட்டாவில் திறந்தால், டொமைன் விற்பனை நிறுவனத்தின் பழைய விளம்பரப் பக்கம் வரும். ஜியோ போன்ற மொபைல் வலையமைப்புகள் ஐபிவி6ஐப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. அந்த போன்கள் முதலில் AAAA வரியைப் பார்த்துப் பழைய இடத்துக்கே போய்விடும். "எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா" என்ற வாதம் கடைக்குள்ளேயே நடக்கும். பூட்டுக் குறிக்கான சான்றிதழும் இதனாலேயே கிடைக்காமல் போகும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, டொமைன் நம்முடைய சர்வருக்குத்தான் வருகிறதா என்று தானே வந்து சோதிக்கிறது. AAAA இருந்தால் அதை முதலில் நம்புகிறது. அங்கே பழைய பக்கம் பதில் சொன்னால் சோதனை தோற்றுவிடும். ஹோஸ்டிங்கைக் குறைசொல்வதற்கு முன் nslookup-இல் -type=aaaa போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கோளாறு மெயில் சம்பந்தப்பட்டது. MX வரியை யாருமே தொடாதபோதும் வரக்கூடியது. வாடிக்கையாளர் வெப்சைட்டில் உள்ள படிவத்தை நிரப்புகிறார். "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று திரையில் வருகிறது. ஆனால் கடையின் மெயிலுக்கு ஒன்றும் வருவதில்லை. வெளியார் நேராக அனுப்பும் மெயில் மட்டும் ஒழுங்காக வருகிறது. ஹோஸ்டிங் சர்வர் இந்த டொமைன் தன்னுடையது என்று நினைத்து, MX வரியைப் பார்க்காமலே படிவத்திலிருந்து வரும் மெயிலைத் தன்னிடமே வைத்துக்கொள்வதுதான் காரணம். சிபேனலில் Email Routing என்ற பக்கத்தில் Remote Mail Exchanger என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். இதற்குச் சித்தப்பாவை எழுப்ப வேண்டாம், இது நம் பக்கத்து வேலை. தளம் திறந்த அன்றே படிவத்தை நாமே ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிட்டால், தொலைந்த ஆர்டர்களைப் பின்னால் தேட வேண்டியிருக்காது.

"இங்கே இன்னும் மாறவில்லை" என்று யாராவது சொன்னால், எது பழைய நினைவு, எது உண்மையான தவறு என்று பிரித்துப் பார்க்க முடியும். நேம்சர்வரையே நேராகக் கேட்க வேண்டும். அதன் பெயர் ns1.example.net என்றால்:

```
nslookup example.com ns1.example.net
nslookup example.com 8.8.8.8
```

முதல் கேள்விக்கு 203.0.113.25 என்று வந்தால் சித்தப்பா சரியாகச் செய்துவிட்டார். இரண்டாவதில் பழைய எண் வந்தால் அது நினைவில் மிச்சமிருப்பது, டிடிஎல் முடிந்ததும் தானாகப் போகும். முதல் கேள்விக்கே பழைய எண் வந்தால்தான் அவருக்கு மறுபடி எழுத வேண்டும்.

தளம் ஓடத் தொடங்கியபின் பேச வேண்டிய ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. அதைத் திறப்பு நாளின் அவசரத்தில் பேசக் கூடாது என்பதற்காகத்தான் கடிதத்தில் சேர்க்கவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரோடுதான் பதிவு நிறுவனத்துக்கு ஒப்பந்தம். கடைக்காரர் பல வருடம் தொழில் செய்தும், அந்த நிறுவனத்துக்கு அவர் யாரோ ஒருவர்தான். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்று .com போன்ற பெயர்களுக்கு ஐகேன் அமைப்பின் விதி உண்டு. அந்த நினைவூட்டல் போவது சித்தப்பாவுக்கு. அவருடைய கார்டு காலாவதியானாலோ, அந்த மெயிலை அவர் பார்ப்பதை விட்டுவிட்டாலோ, கடைக்குத் தெரியும் முதல் செய்தி வெப்சைட் நின்றுபோவதாகத்தான் இருக்கும். புதுப்பிக்காத .com பெயரை நிறுவனம் நீக்கியபின், கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு 5 நாள் எதுவும் செய்ய முடியாது. அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

கணக்கை மாற்றிக்கொள்ள இரண்டு வழி. அதே பதிவு நிறுவனத்தில் நாமும் ஒரு கணக்குத் திறந்து, டொமைனைச் சித்தப்பா கணக்கிலிருந்து நம் கணக்குக்குத் தள்ளச் சொல்வது எளிது. அப்போது நேம்சர்வரும் ரெக்கார்டுகளும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பூட்டை எடுத்து, அங்கீகாரக் குறியீடு ஒன்றை அவர் தர வேண்டும். பதிவு செய்தோ முன்பு மாற்றியோ 60 நாள் ஆகாத .com பெயரை அப்படிக் கொண்டுபோக முடியாது. எப்படிச் செய்தாலும், சித்தப்பாவின் மெயில் அதே பெயரில் இருக்கும்வரை அவருடைய முகவரி தொடரும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் தயங்கினால் பெரும்பாலும் அதற்காகத்தான் தயங்குவார்.

அவர் மாற்ற விரும்பாவிட்டாலும், புதுப்பிக்கும் தேதியை நம் காலண்டரில் குறித்துக்கொண்டு, பணத்தை வருடா வருடம் முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவிடலாம். உங்கள் கடை, பள்ளி, சங்கம் எதுவானாலும் அதன் டொமைன் யாரோ உறவினர் கணக்கில் இருந்தால், இன்றைக்கே lookup.icann.org போய்க் காலாவதித் தேதியைப் பாருங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் இருந்தால், வெப்சைட்டைப் பற்றி எழுதுவதற்கு முன் அதைப் பற்றி எழுதுங்கள்.